மனநிலைச் சீராக்கி: சொல்லும் அட்டவணையில் அதன் இடமும்

மனநல மருத்துவக் குறிப்புகளை அட்டவணையாகத் தொகுக்கும் மாணவர்கள் பெரும்பாலும் மூன்று தலைப்புகளில் தொடங்குகிறார்கள்: ஆன்டிசைக்காட்டிக், ஆன்டிடிப்ரசன்ட், மூட் ஸ்டெபிலைசர். ஒரே அளவுகோலால் பிரித்த மூன்று வகைகள்போல இவை தோன்றினாலும் உண்மை அதுவன்று. முதல் இரண்டும் எந்த நோய்க்கு எதிரானவை என்பதைச் சொல்லும் பெயர்கள்; மூன்றாவது பெயர் நோயைச் சொல்லாமல் மருந்து செய்யவேண்டிய வேலையைச் சொல்கிறது. இந்த வேறுபாட்டைக் கவனிக்காமல் கோடு போட்டால், ‘பயன்’ என்னும் பத்தியில் தலைப்பையே மீண்டும் எழுதிவிட்டு அடுத்த பத்திக்கு நகர்ந்துவிட நேரும்.

ஆன்டிசைக்காட்டிக் வகையின் கதை குளோர்ப்ரோமசினிலிருந்து தொடங்குகிறது. அறுவை சிகிச்சையின்போது மயக்க மருந்துக்குத் துணையாகப் பயன்பட்ட அதை, 1952-ல் பாரிஸின் செயின்ட் ஆன் மருத்துவமனையில் ழான் டிலே, பியர் டெனிக்கர் ஆகிய இருவரும் மனநோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். இவ்வகை மருந்துகளுக்கு அவர்கள் 1955-ல் இட்ட பெயர் ‘நியூரோலெப்டிக்’. நரம்பைப் பற்றிப் பிடிப்பது என்பது அதன் கிரேக்கப் பொருள். உடல் விறைப்பு, நடுக்கம் போன்ற விளைவுகளையும் சேர்த்தே சுட்டிய அந்தப் பெயர், பிற்காலத்தில் நோயை மட்டும் சுட்டும் பெயருக்கு வழிவிட்டது. தமிழில் ‘மனப்பிறழ்வு எதிர்ப்பு மருந்து’ என்பது பொருந்துகிறது. மனச்சிதைவு என்பது அதனுள் அடங்கும் ஒரு நோயின் பெயர் என்பதால், அதைக் கொண்டு வகை முழுவதற்கும் பெயரிடுவது தவறு.

ஆன்டிடிப்ரசன்ட் என்பதற்கு ‘மனச்சோர்வு எதிர்ப்பு மருந்து’ என்பதே போதும். இவ்வகையின் முன்னோடியான இமிப்ரமினை ரோலண்ட் கூன் சுவிட்சர்லாந்தில் மனச்சிதைவுக்கான மருந்தாகவே சோதித்தார் என்பதும், அது அங்கே பயன்படாமல் சோர்வுற்றவர்களிடம் பலன் தந்ததை 1957-ல் வெளியிட்டார் என்பதும், வகைப்பெயர்கள் மருந்துக்குப் பின்னால்தான் வருகின்றன என்பதற்கு நல்ல சான்று.

மூன்றாவது பெயருக்கு வருவோம். 1949-ல் ஆஸ்திரேலியாவின் ஜான் கேட், மேனியா எனப்படும் மிகை எழுச்சி கொண்ட நோயாளிகளிடம் லித்தியம் பலன் தருவதை எழுதினார். டென்மார்க்கின் மோகன்ஸ் ஷௌ 1954-ல் அதை முறையான ஆய்வில் சோதித்து, பின்னர் 1963-ல் ‘நார்மோதைமாட்டிக்’ என்ற பெயரை முன்வைத்தார்; ‘தைமோஸ்’ என்ற கிரேக்கச் சொல்லுக்கு உள்ளம் என்று பொருள் கொண்டால், உள்ளத்தை இயல்புக்குக் கொண்டுவருவது என்று அது விரியும். அந்தப் பெயர் நிலைக்கவில்லை. அதன் இடத்தில் வழக்கூன்றிய ‘ஸ்டெபிலைசர்’ ஆடாமல் நிறுத்துவது என்னும் பொருளுடையது. அகராதி வழியில் சென்றால் ‘மனநிலை நிலைப்படுத்தி’ என்றுதான் மொழிபெயர்க்க வேண்டும்; ஆனால் ‘நிலை’ இருமுறை வந்து நாவில் இடறுவதோடு, உணர்ச்சியே எழாமல் ஒரே இடத்தில் கட்டிவைப்பது என்ற தவறான எண்ணத்தையும் அது நோயாளியிடம் உண்டாக்கும். ‘மனநிலைச் சீராக்கி’ என்பது ஷௌ கருதிய பொருளுக்கு நெருக்கமானது என்பதால் அதையே நான் விரும்புகிறேன்.

எனினும் பெயர் எவ்வளவு நன்றாக அமைந்தாலும், அதன்கீழ் வரும் மருந்துகள் ஒரே வேலையைச் செய்வதில்லை. இருதுருவக் கோளாறில் லித்தியம் மிகை எழுச்சியைத் தணிப்பதோடு, எழுச்சி, சோர்வு ஆகிய இரண்டும் திரும்ப வராமலும் காக்கிறது. வலிப்பு நோய்க்கும் தரப்படும் வால்ப்ரோயேட்டின் வலிமை பெரும்பாலும் எழுச்சியின் பக்கம் இருக்கிறது. லமோட்ரிஜினோ சோர்வு திரும்புவதைத் தடுப்பதில்தான் கூடுதலாக உதவுகிறது. கொந்தளித்துக்கொண்டிருக்கும் எழுச்சியில் அதற்கு வேலை இல்லை. மறுபுறம், மனப்பிறழ்வு எதிர்ப்பு வகையில் அடைக்கப்பட்ட க்வெட்டியபின் இருதுருவக் கோளாறின் எழுச்சிக்கும் சோர்வுக்கும் பயன்படுவதால், சீராக்கி என்ற பெயருக்கு லமோட்ரிஜினைவிட அதுவே தகுதியானது என்று வாதிடலாம்.

ஆகவே அட்டவணையில் வகைப்பெயரைத் தலைப்பாக மட்டும் வைத்து, வரிசையை ஒவ்வொரு மருந்துக்கும் தனியே ஒதுக்க வேண்டும். ‘பயன்’ பத்தியில் நோயின் பெயரும், அந்நோயின் எந்தக் கட்டத்துக்கு அந்த மருந்து என்பதும் வரவேண்டும். கண்காணிப்புப் பத்தியை இறுதியில் நினைவிலிருந்து நிரப்பாமல், பக்கவிளைவுப் பத்தியில் எழுதிய ஒவ்வொன்றுக்கும் நேராக, அது வருவதை எப்படி அறிவோம் என்று கேட்டு எழுதினால் எதுவும் விடுபடாது.

| மருந்து | பயன் | பக்கவிளைவு | கண்காணிப்பு |
|---|---|---|---|
| க்ளோசபின் | பிற மருந்துகளுக்குக் கட்டுப்படாத மனச்சிதைவு | வெள்ளணுக் குறைவு, எடை கூடுதல், கடும் மலச்சிக்கல் | முதல் 18 வாரங்கள் வாரந்தோறும் வெள்ளணு எண்ணிக்கை, பிறகு இடைவெளி விட்டு, எடை, சர்க்கரை, மலம் கழியும் விவரம் |
| எஸ்சிட்டலோபிராம் | மனச்சோர்வு, பதற்ற நோய்கள் | குமட்டல், பாலுறவு நாட்டக் குறைவு, முதியோரிடம் சோடியம் குறைதல், இளையோரிடம் தற்கொலை எண்ணம் | தொடக்க வாரங்களில் நேரில் விசாரித்தல். முதியோருக்கு ரத்த சோடியம் |
| லித்தியம் | இருதுருவக் கோளாறின் எழுச்சி, மறுவருகைத் தடுப்பு | நுண்ணிய கைநடுக்கம், தாகம், தைராய்டு குறைவு, சிறுநீரகப் பாதிப்பு | ரத்த லித்தியம் அளவு. தைராய்டு, சிறுநீரகம், கால்சியம் |
| வால்ப்ரோயேட் | மிகை எழுச்சி | எடை கூடுதல், கல்லீரல் பாதிப்பு, கருவில் குறைபாடு | கல்லீரல், ரத்த அணு, எடை. கருத்தரிக்கக்கூடிய பெண்களுக்குத் தவிர்த்தல் |

லித்தியத்தின் வரிசை மட்டும் இந்தக் கட்டங்களுக்குள் அடங்காது. பலன் தரும் அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடைவெளி மிகக் குறைவு என்பதால், ரத்தத்தில் அது பொதுவாக லிட்டருக்கு 0.6 முதல் 0.8 மில்லிமோல் வரை இருக்குமாறு வைக்கப்படுகிறது, சிலருக்கு 1.0 வரை செல்லலாம். கடைசி வேளை மாத்திரைக்கு 12 மணி நேரம் கழித்து எடுத்த ரத்தமே ஒப்பிடத் தக்கது. காலையில் மாத்திரை விழுங்கிவிட்டு ஆய்வகத்துக்கு வந்தவரின் எண் பொய்யாக உயர்ந்து காட்டும் என்பதால், ‘ரத்த அளவு’ என்று மட்டும் எழுதாமல் நேரத்தையும் சேர்த்து எழுத வேண்டும். மருந்தைத் தொடங்கியபோதும் அளவை மாற்றியபோதும் ஏறக்குறைய ஒரு வாரம் கழித்து அளப்பதும், நிலைபெற்ற பின் மூன்று மாதத்துக்கு ஒருமுறை அளப்பதும், தைராய்டு, சிறுநீரகச் சோதனைகளை ஆறு மாதத்துக்கு ஒருமுறை செய்வதும் வழக்கம்.

சிறுநீரகம் லித்தியத்தைப் பெருமளவு சோடியத்தைப்போலவே நடத்துகிறது. உடலில் உப்போ நீரோ குறையும்போது சோடியத்தைத் திரும்ப உறிஞ்சிக்கொள்வதுபோல லித்தியத்தையும் உறிஞ்சுவதால் ரத்த அளவு ஏறுகிறது. எடுத்துக்காட்டாக, பல ஆண்டுகளாக 0.7 அளவில் நலமாக இருக்கும் ஐம்பது வயதுக்காரர் ஒருவர் முழங்கால் வலிக்கு மருந்துக்கடையில் டைக்ளோஃபெனாக் வாங்கி ஒரு வாரம் உட்கொள்கிறார் என்று கொள்வோம். அது சிறுநீரகம் லித்தியத்தை வெளியேற்றுவதைக் குறைக்கிறது. இடையில் வயிற்றுப்போக்கும் சேர்ந்தால் அளவு 1.5-ஐத் தாண்டிவிடக்கூடும். தேநீர்க் குவளையில் மட்டும் தெரிந்த நுண்ணிய நடுக்கம் கை முழுவதும் உலுக்கும் பெரிய நடுக்கமாக மாறுவதும், வாந்தி, தள்ளாடும் நடை, குழறும் பேச்சு ஆகியவை தோன்றுவதும் இதன் அறிகுறிகள். இந்தக் கட்டத்தில் லித்தியத்தை உடனே நிறுத்தி, மருத்துவமனையில் ரத்த அளவும் சிறுநீரகச் செயல்பாடும் பார்த்து, நரம்பு வழியே நீர்மம் ஏற்றுவார்கள். நிலை கடுமையானால் டயாலிசிஸ் தேவைப்படும். அவருக்கு டைக்ளோஃபெனாக்குக்குப் பதில் பாராசிட்டமால் போதுமானதாக இருந்திருக்கலாம்.

ஆகவே லித்தியத்தின் கண்காணிப்புக் கட்டத்தில் ரத்தச் சோதனைகளுக்கு அடுத்து, மூட்டுவலி மாத்திரை, ரத்த அழுத்தத்துக்கான தையசைடு, ஏசிஇ தடுப்பு மாத்திரைகள், வயிற்றுப்போக்கு, உப்பைத் திடீரெனக் குறைத்தல் ஆகியவற்றை ஒவ்வொரு சந்திப்பிலும் கேட்க வேண்டும் என்ற வரியும் இடம்பெற வேண்டும்.