தகரக் கூரை வீட்டுக்குக் குளிர்காலத்தில் எத்தனை யூனிட்?

டர்பனில் ஜூலை மாதச் சராசரி வெப்பநிலை ஏறத்தாழ 17 டிகிரி. அங்கே ஹீட்டர் இல்லாமலே பலர் காலம் தள்ளிவிடுவார்கள். ஜொகன்னஸ்பர்க் கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,700 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஜூன், ஜூலையில் சராசரி 10 டிகிரிக்குப் பக்கம் இறங்கிவிடும். அந்த ஊரின் லெனேசியா பகுதியில் வீடுகளைப் பார்க்கப் போகும்போது எல்லோரும் கேட்பது, "எந்த ஹீட்டர் வாங்கலாம் அண்ணா?" என்றுதான். வீடு எவ்வளவு சூட்டை வெளியே விடுகிறது என்று தெரிந்த பிறகுதான் அதற்குப் பதில் சொல்ல முடியும்.

லெனேசியாவில் வழக்கமாகக் காணும் ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். 80 சதுர மீட்டர், செங்கல் சுவர், ஒற்றைக் கண்ணாடி ஜன்னல், தகரக் கூரை, அதன் கீழே வெறும் சீலிங் போர்டு. உள்ளேயும் வெளியேயும் ஒரு டிகிரி வித்தியாசம் இருந்தால் எத்தனை வாட் வெளியேறுகிறது என்பதுதான் வீட்டின் மொத்த இழப்பு எண். இந்த வீட்டில் கூரை வழியாக 200 வாட், சுவர் வழியாக 187, ஜன்னல் வழியாக 70, தரை வழியாக 48. இடுக்குகளில் புகும் காற்றால் இன்னொரு 54. உயரத்தில் காற்று மெல்லியது என்பதால், இந்தக் கடைசி எண் கடலோர ஊரில் இதே அளவு காற்று புகும் வீட்டைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. எல்லாம் சேர்த்து, டிகிரிக்கு சுமார் 560 வாட்.

அடுத்தது டிகிரி-நாள். ஒரு நாளின் சராசரி வெப்பநிலை, நாம் வைத்த அடிப்படை வெப்பநிலைக்கு எத்தனை டிகிரி கீழே இருக்கிறதோ, அதுதான் அன்றைய கணக்கு. மே முதல் ஆகஸ்ட் வரை மாதச் சராசரி 13, 10, 10.5, 13 என்று வைத்து, 18 டிகிரியை அடிப்படையாகக் கொண்டால் சுமார் 780 டிகிரி-நாள் வரும். இதை 560 ஆலும் 24 மணி நேரத்தாலும் பெருக்கி 1,000 ஆல் வகுத்தால் 10,500 யூனிட். பலரும் இந்த இடத்தோடு கணக்கை முடித்துவிடுகிறார்கள். இது பெரிதும் மிகையான எண்.

ஏனென்றால் வீட்டுக்குள் ஆட்கள், ஃபிரிட்ஜ், அடுப்பு எல்லாமே சூடு தருகின்றன. நம்முடைய குளிர்காலத்தில் வானமும் தெளிவாக இருக்கும், வடக்கு ஜன்னல் வழியாக வெயில் நன்றாக விழும். இவை எல்லாம் சராசரியாக 1,100 வாட் என்று வைப்போம். அதை 560 ஆல் வகுத்தால் சுமார் 2 டிகிரி. அதாவது வெளியே சராசரி 16 டிகிரி இருந்தாலே, ஹீட்டர் இல்லாமல் வீடு 18-இல் நிற்கும். ஆகவே அடிப்படையாக 16-ஐத்தான் வைக்க வேண்டும். அப்போது டிகிரி-நாள் 537 ஆகவும், தேவை 7,200 யூனிட்டாகவும் குறைகிறது.

இனி சீலிங்குக்கு மேலே கண்ணாடி நார் மெத்தை விரிப்போம். கூரை இழப்பு 200-இலிருந்து 30-க்கு வரும், மொத்தம் 390 ஆகும். இழப்பு எண் 30 சதவீதம்தான் குறைந்திருக்கிறது. ஆனால் அதே 1,100 வாட் இப்போது வீட்டை 2.8 டிகிரி உயர்த்துகிறது. அடிப்படை 15.2-க்கு இறங்க, டிகிரி-நாளும் 438 ஆகிறது. தேவை 4,100 யூனிட். மிச்சம் 43 சதவீதம்! மெத்தை ஒரே நேரத்தில் இரண்டு எண்களையும் குறைக்கிறது, இதைத்தான் விலை விசாரிக்கும்போது யாரும் சொல்வதில்லை.

7,200 யூனிட்டும் கம்பி ஹீட்டருக்கானது. சூடு தரும் ஏசி வைத்தால் அதை மூன்றால் வகுக்கலாம். "எங்கள் வீட்டில் அவ்வளவு ஓடுவதே இல்லையே" என்று பலர் சொல்வார்கள், அதுவும் சரிதான். மாலையில் ஒரு அறையை மட்டும் சூடாக்கி, மற்ற அறைகளைக் குளிரில் விடுகிறார்கள். அப்படிப்பட்ட வீட்டில் மெத்தை போட்டால் பில் 43 சதவீதம் குறையாது. பாட்டி தூங்கும் அறை 12 டிகிரியிலிருந்து மேலே ஏறும். என் கணக்கில் அது பணத்தைவிடப் பெரிய லாபம்.

வீடு முழுக்கச் சூடாக்குபவர்கள் தங்கள் வீட்டின் இழப்பு எண்ணை மீட்டரிலேயே சரிபார்க்கலாம். வாரா வாரம் யூனிட்டைக் குறித்து, அந்த வாரத்து டிகிரி-நாளுக்கு எதிரே புள்ளி வையுங்கள். மெத்தை போடாத 560 வாட் வீடு, கம்பி ஹீட்டர் என்றால், ஒவ்வொரு டிகிரி-நாளுக்கும் 13 யூனிட் வாக்கில் கூட வேண்டும். 18 வந்தால் இடுக்குகளில் காற்று அதிகமாகப் புகுகிறதா என்று முதலில் பாருங்கள். அப்புறம் கீசரையும் மறக்க வேண்டாம். குளிர்காலத்தில் குழாய்த் தண்ணீரே சில்லென்று வருவதால் கீசரும் கூடுதலாக இழுக்கும், அந்தக் கூடுதலும் புள்ளிகள் வழியே போகும் கோட்டைச் சற்றுச் செங்குத்தாகக் காட்டும். கீசருக்குத் தனி மீட்டர் வைத்துக் கழித்துவிட்டால், மீதி வீட்டின் கணக்கு.