பழைய ஃபோன் வாங்கும் முன் அந்த 15 இலக்கங்கள்

கல்லூரி மாணவர் ஒருவர் ஆன்லைன் விளம்பரத்தில் 7,000 ரூபாய்க்கு ஒரு பழைய ஃபோனைப் பார்க்கிறார் என்று வைத்துக்கொள்வோம். படம் பளிச்சென்று இருக்கிறது. அது திருட்டு ஃபோனா என்பதைப் படத்தை வைத்துச் சொல்ல முடியாது. ஒவ்வொரு ஃபோனுக்கும் உரிய ஐஎம்இஐ என்ற அடையாள எண்ணை வைத்து ஓரளவு சொல்லலாம்.

விற்பவரை வீடியோ அழைப்புக்கு வரச் சொல்லி, அந்த ஃபோனில் `*#06#` என்று அழுத்தச் சொல்லுங்கள். திரையில் அந்த 15 இலக்க எண் வரும். இரண்டு சிம் ஃபோன் என்றால் இரண்டு எண்கள். முதல் 8 இலக்கங்கள் எந்த நிறுவனம், எந்த மாடல் என்பதைக் குறிக்கும். அடுத்த 6 அந்த ஒரு ஃபோனுக்கே உரிய வரிசை எண். கடைசி இலக்கம் சரிபார்ப்புக்கு.

490154203237518 என்ற எண்ணை எடுத்துக்கொள்வோம். கடைசி 8-ஐ விட்டுவிட்டு, இடமிருந்து ஒன்று விட்டு ஒன்றாக, அதாவது 2-வது, 4-வது, 6-வது என்று வரும் இலக்கங்களை இரட்டிப்பாக்க வேண்டும். 9 என்பது 18 ஆகும்; அதை 1+8 என்று கூட்டி 9 என்று கொள்ள வேண்டும். இப்படி வந்தவற்றோடு, இரட்டிப்பாக்காத இலக்கங்களையும் சேர்த்துக் கூட்டினால் 52 வரும். அடுத்த பத்தின் மடங்கு 60. அதற்குக் குறைவது 8. கடைசி இலக்கமும் 8, சரி. கணக்கு இடித்தால் அந்த எண் தப்பும் தவறுமாகப் போடப்பட்டது.

ஆனால் கணக்கு சரியாக வந்தால் மட்டும் போதாது. திருடியவர் வேறொரு நல்ல ஃபோனின் எண்ணை இதில் ஏற்றியிருக்கலாம். அதனால் அடுத்ததாக, `KYM` என்று எழுதி, இடம் விட்டு, அந்த 15 இலக்கங்களையும் சேர்த்து 14422-க்கு எஸ்எம்எஸ் அனுப்புங்கள். மத்திய தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி இணையதளத்திலும் இதே சோதனை உண்டு. முடக்கப்பட்டது, போலி நகல், ஏற்கெனவே பயன்பாட்டில் உள்ளது என்று பதில் வந்தால் விட்டுவிடுங்கள். நிறுவனம், மாடல் பெயரையும் கவனியுங்கள். கையில் இருப்பது ஒரு மாடல், பதிலில் வருவது வேறு மாடல் என்றால் எண்ணை மாற்றியிருக்கிறார்கள். நான் முதலில் பார்ப்பது இதைத்தான்.

இதற்கும் ஓர் எல்லை உண்டு. நேற்று இரவு பேருந்தில் பறிபோன ஃபோனுக்கு உரியவர் இன்னும் புகாரே கொடுத்திருக்க மாட்டார்; அதனால் இந்தச் சோதனையில் அது சிக்கல் இல்லாத ஃபோனாகவே தெரியும். அதைப் பிடிக்க வேறு வழி வேண்டும். நேரில் சந்திக்கும்போது, விற்பவரே திரைப்பூட்டைத் திறந்து, செட்டிங்ஸில் தன் கூகுள் அல்லது ஆப்பிள் கணக்கை நீக்கி, உங்கள் கண்முன்னே ரீசெட் செய்யட்டும். திருடியவருக்குப் பெரும்பாலும் அந்தக் கடவுச்சொல் தெரியாது. ரீசெட் முடிந்து ஃபோன் பழைய கணக்கைக் கேட்டால், அது உங்களுக்கு வெறும் கண்ணாடித் துண்டுதான்.

அப்புறம், ஃபோனே இல்லாமல் படத்தை மட்டும் வைத்து விற்பவர்களும் இருக்கிறார்கள். "வெளியூர் மாறிப் போறேன், 500 ரூபா முன்பணம் போட்டா எடுத்து வைக்கிறேன்" என்பார்கள். வீடியோவில் `*#06#` காட்டச் சொன்னதுமே அவர்களில் பலர் பதில் போடுவதை நிறுத்திவிடுவார்கள். முன்பணம் கொடுத்து ஏமாந்துவிட்டால், உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு அழையுங்கள். பணம் அடுத்த கணக்குக்குப் போவதற்குள் தடுக்க வாய்ப்பு உண்டு.