டெல்டா எங்கிருந்து வருகிறது?

எப்சிலான்-டெல்டா நிரூபணத்தை முதல்முறை படிப்பவர்கள் பெரும்பாலும் ஒரே வரியில்தான் தடுக்கி விழுவார்கள்: "δ = ε/2 என்க." இந்த ε/2 எங்கிருந்து குதித்தது? அது ரஃப் தாளில் போட்ட கணக்கு. அந்தத் தாளை யாரும் காட்டுவதில்லை என்பதுதான் சிக்கல். நாம் அங்கிருந்தே தொடங்குவோம்.

x, 4-ஐ நெருங்கும்போது 7 − 2x-இன் எல்லை −1 என்று நிரூபிக்க வேண்டும். சாய்வு குறை எண்ணாக இருக்கும்படி வேண்டுமென்றேதான் எடுத்திருக்கிறேன்.

வரையறை கேட்பது இது: யாரோ ஒருவர் ε என்ற மிகை எண்ணைக் கொடுக்கிறார். நாம் பதிலுக்கு δ என்ற மிகை எண்ணைக் கொடுக்க வேண்டும். 0 < |x − 4| < δ என்று இருக்கும் ஒவ்வொரு x-க்கும் |(7 − 2x) − (−1)| < ε ஆக வேண்டும்.

ரஃப் தாளில் முடிவிலிருந்து பின்னோக்கிப் போகலாம்.

|(7 − 2x) + 1| = |8 − 2x| = |−2| · |x − 4| = 2|x − 4|

நம் கையில் இருப்பது |x − 4| மட்டும்தான்; அது இப்போது வெளியே வந்துவிட்டது. 2|x − 4| < ε ஆக வேண்டுமானால் |x − 4| < ε/2 போதும். டெல்டா கிடைத்துவிட்டது.

இந்த இடத்தில் |−2|-ஐ −2 என்றே எழுதி, δ = −ε/2 என்று முடிப்பவர்கள் உண்டு. δ குறை எண்ணானால் |x − 4| < δ என்பதற்கு எந்த x-உம் பொருந்தாது. சோதிக்க ஒரு x-உம் இல்லாதபோது, எல்லை 100 என்றுகூட 'நிரூபித்து' விடலாம்! வரையறை δ > 0 என்று அடம்பிடிப்பது அதனால்தான்.

சரி, இனி விடைத்தாளில் எழுதுவது:

ε > 0 தரப்பட்டுள்ளது. δ = ε/2 என்க; எனவே δ > 0. 0 < |x − 4| < δ எனில்,
|(7 − 2x) − (−1)| = 2|x − 4| < 2δ = ε.

அவ்வளவுதான். ரஃப் தாளில் வந்த வழியிலேயே இப்போது திரும்பி நடந்திருக்கிறோம். "|(7 − 2x) + 1| < ε" என்று விடைத்தாளைத் தொடங்கினால், நிரூபிக்க வேண்டியதையே உண்மை என்று எடுத்துக்கொண்டதாகிவிடும்.

எண் போட்டும் பார்க்கலாம். ε = 0.1 என்றால் δ = 0.05. x = 4.04 எனில் சார்பின் மதிப்பு −1.08, −1-இலிருந்து விலகல் 0.08, தப்பித்தது. δ-வையும் 0.1 என்றே வைத்திருந்தால் x = 4.09-உம் உள்ளே வந்துவிடும். அங்கே மதிப்பு −1.18, விலகல் 0.18. தோல்வி. அதற்காக δ = ε/2 மட்டுமே சரி என்றில்லை; ε/3 அல்லது ε/10 எழுதினாலும் நிரூபணம் நிற்கும். சிறிதாக்கலாம், பெரிதாக்கக் கூடாது.

mx + c என்ற எந்த நேர்க்கோட்டுக்கும் இதே கணக்கு δ = ε/|m| என்று தரும். m = 0 ஆனால் மட்டும் பூஜ்ஜியத்தால் வகுக்க நேரும். ஆனால் அப்போது விலகல் எப்போதும் 0 தான்; δ = 1 என்று எழுதிவிட்டுப் போகலாம்.