அவரைக்கு என்ன பழி?

காரைக்குடியில் சொந்தக்காரர் வீட்டுக்குப் பிள்ளை பார்க்கப் போனேன். பிறந்த பத்தாம் நாள் கண் மஞ்சளித்து, உடம்பு வெளிறி, ஆஸ்பத்திரியில் கிடந்து மீண்ட பையன். கொடுத்தனுப்பிய சீட்டில் ‘ஃபேவிசம் (அவரை ஒவ்வாமை)’ என்று எழுதியிருந்தது. “மொச்சைக் குழம்பையே நிறுத்தியாச்சு, அவரைப் பந்தலையும் பிரிச்சுட்டேன்” என்றார் பிள்ளையின் ஆயா. எனக்கோ தூளியிலிருந்து வந்த பாச்சை உருண்டை வாசம்தான் உறுத்தியது.

சொல்லின் பிறப்பு சின்னது. இத்தாலியில் ‘ஃபாவா’ என்பது ஒரு கொட்டை, இலத்தீனில் ‘ஃபாபா’. அதைத் தின்று சிலருக்கு இரத்தம் சிதைந்ததால் வந்த பெயர் ஃபேவிசம். தமிழில் எழுதினால் ஏதோ விஷம் மாதிரி ஒலிப்பது தனித் தொல்லை.

அதை ‘அவரை’ என்றவர் அகராதியோடு நின்றுவிட்டார், தோட்டத்துக்குப் போகவில்லை. நம் அவரையும் மொச்சையும் ஒரே செடியினம், ஃபாவா வேறு. கேடு செய்யும் வைசின், கன்வைசின் என்ற பொருள்கள் ஃபாவாவில்தான் மிகுதி. ‘ஒவ்வாமை’ அதைவிடப் பெரிய பிழை. ஒவ்வாமை என்பது உடம்பின் காவல் படை ஆள் தெரியாமல் அடிப்பது. இங்கே அந்தப் படைக்கு வேலையே இல்லை. அலர்ஜி மாத்திரை கொடுத்துப் பயனும் இல்லை.

நடப்பது வேறு. சிவப்பணுவைத் துரு ஏறாமல் காப்பது ஜி6பிடி என்ற நொதி. சிவப்பணுவுக்கு உட்கரு கிடையாது. கையிருப்பு தீர்ந்தால் புதிதாகச் செய்துகொள்ள முடியாது. பிறவியிலேயே நொதி குறைந்தவர்களுக்கு ஃபாவாவோ, மலேரியாவுக்குத் தரும் பிரைமாகுயினோ, தொழுநோய்க்குத் தரும் டாப்சோனோ உள்ளே போனால் ஹீமோகுளோபின் கட்டிதட்டி அணு உடைகிறது. ஓரிரு நாளில் சிறுநீர் கட்டங்காப்பி நிறத்தில் போகும், கண் மஞ்சளாகும். பாச்சை உருண்டையின் நாப்தலீனும் இதையே செய்யும். மூச்சிலும் தோலிலும் ஏறிவிடும்.

இந்தப் பிள்ளை ஃபாவாவைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. பெட்டகத்தில் வருஷக்கணக்காக உருண்டை போட்டு வைத்த பழஞ்சேலையில் கட்டிய தூளி அது. அப்படியிருக்க ‘ஃபேவிசம்’ என்பதே அவனுக்குப் பொருந்தாத பெயர். ‘சிவப்பணு நொதிக் குறை’ என்பேன் நான். நொதி தூய தமிழா என்று சண்டைக்கு வருகிறவர்கள் வரட்டும். ஆயாவுக்கு அது புரிந்தது. கொட்டையால் வருவதை மட்டும் ‘ஃபாவாச் சிதைவு’ எனலாம். இங்கே அவ்வளவாக விளையாத பயிருக்கு அயல்பெயர் இருந்துவிட்டுப் போகட்டும்.

சீட்டு எழுதுகிறவர்கள் இன்னொன்றும் விட்டுவிடுகிறார்கள். அணுக்கள் உடைந்த உடனேயே சோதித்தால் நொதி சரியாக இருப்பதாக முடிவு வரக்கூடும். நொதி குறைந்த கிழட்டு அணுக்கள் போய், இளசுகள் மட்டும் மிஞ்சியிருக்கும். மூன்று மாதம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். இந்தப் பையனுக்கு முதலிலேயே குறை தெரிந்துவிட்டது. எல்லோருக்கும் அப்படித் தெரியாது.

“அப்ப மொச்சை?” என்றார் ஆயா.

“வையுங்க. சேலையைத்தான் மாத்தணும்.”

எழுந்து போய் முதலில் தூளியை அவிழ்த்தார்.