182 குலுக்கலாக வராத 53

"இத்தனை நாளா வரல. இனிமே வந்துதானே ஆகணும்?" சூதாட்டத்தில் பணத்தை விட்டவர்களிடம் ஆலோசனை அறையில் அதிகம் கேட்கும் வாக்கியம் இது. உளவியலில் இதைச் சூதாடியின் பிழை என்பார்கள். ஒரு தேசமே சேர்ந்து இந்தப் பிழையைச் செய்ததும் உண்டு. கணக்கு தெளிவாகப் புரிய அந்தச் சம்பவம் ஒன்றே போதும்.

இத்தாலியின் அரசு லாட்டரியான லோட்டோவில் அப்போது வெனிஸ், ரோம், நேபிள்ஸ் என்று பத்து நகரங்களுக்குத் தனித்தனிக் குலுக்கல், வாரம் இரண்டு முறை. ஒவ்வொரு நகரத்திலும் 1 முதல் 90 வரை உள்ள எண்களில் ஐந்தை எடுப்பார்கள். நாம் பணம் கட்டிய எண் அந்த ஐந்தில் ஒன்றாக இருந்தால் ஏறக்குறைய 11 மடங்கு கிடைக்கும். 2003 மே மாதத்துக்குப் பிறகு வெனிஸ் குலுக்கலில் 53 வரவே இல்லை. மாதங்கள் ஓட ஓட, 'பாக்கி' விழுந்த எண் என்று நாடே அதன் மேல் பணம் கட்டியது. வீட்டுச் சேமிப்பு போனது, கடன் ஏறியது, தற்கொலைகள்கூட நடந்தன. 2005 பிப்ரவரி 9 அன்று 53 வந்தது. நடுவில் 182 குலுக்கல்கள் போயிருந்தன. அந்த ஒரு எண்ணில் மக்கள் கட்டிய பணம் 300 கோடி யூரோவுக்கும் மேல்.

90 எண்களில் 5 என்றால், ஒரு குலுக்கலில் 53 வரும் வாய்ப்பு 18-ல் 1. வராமல் போகும் வாய்ப்பு 18-ல் 17. தொடர்ந்து 182 முறை வராமல் போக வேண்டுமென்றால் 17/18-ஐ 182 தடவை பெருக்க வேண்டும். விடை சுமார் 33,000-ல் 1. இந்த எண்ணைப் பார்த்ததும்தான் ஆள் ஏமாறுகிறார். "33,000-ல் ஒன்று என்றால் நடக்கவே நடக்காது, அதனால் அடுத்த முறை கட்டாயம் வரும்" என்று மனசு தாவிவிடுகிறது.

ஆனால் அந்த 33,000 கணக்கு, முதல் குலுக்கலுக்கு முன்னால் நின்று பார்ப்பவருக்கு உரியது. 100 குலுக்கல் முடிந்த பிறகு கடைக்கு வருபவருக்கு அந்த நூறும் நடந்து முடிந்த விஷயம், அதில் வாய்ப்பு என்று எதுவும் மிச்சமில்லை. அவர் கேட்க வேண்டிய கேள்வி, இன்னும் 82 முறை வராமல் போகுமா என்பது மட்டுமே. அதற்கு விடை ஏறக்குறைய 108-ல் 1. அதிசயம் என்று சொல்ல முடியாத அளவு. அடுத்த 18 குலுக்கலிலும் வராமல் போகும் வாய்ப்பு 100-க்கு 36. இது 53 நேற்று வந்திருந்தாலும் 36-தான், இரண்டு வருடமாக வராவிட்டாலும் 36-தான். குலுக்கல் முடிந்ததும் பந்துகள் எல்லாம் திரும்பப் பெட்டிக்குள் போகின்றன. போன வாரம் யார் வந்தார், யார் வரவில்லை என்று பெட்டியில் எந்தப் பதிவும் இல்லை.

ஒரே குலுக்கலுக்குள் மட்டும் கதை வேறு. முதல் நான்கு பந்துகளில் 53 இல்லையென்றால், ஐந்தாவதாக அது வரும் வாய்ப்பு 90-ல் 1 அல்ல, 86-ல் 1. எடுத்த பந்தை வெளியே வைத்துவிடுவதால் வாய்ப்பு உண்மையிலேயே கூடுகிறது. எடுத்ததைத் திரும்பப் போட்டுக் கலைத்துவிட்டால் அந்தக் கூடுதல் அங்கேயே அழிந்துவிடும். எந்த ஆட்டமானாலும் இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

"நீண்ட காலத்தில் எல்லா எண்ணும் சமமாக வரும் என்று கணிதமே சொல்கிறதே?" என்று படித்தவர்கள் மடக்குவார்கள். சொல்வது உண்மை, ஆனால் சமமாகும் விதம் அவர்கள் நினைப்பது போல் இல்லை. 182 குலுக்கலில் 53 சராசரியாகப் பத்து முறை வந்திருக்க வேண்டும், வரவில்லை. அடுத்த 1,800 குலுக்கலில் அது சராசரியாக 100 முறை வரும், 110 முறை அல்ல. அந்தப் பத்து ஈடுகட்டப்படுவதே இல்லை. 1,982-ல் 100 என்றால் 5.05 சதவீதம். இன்னும் 16,200 குலுக்கல் போனால் 5.5 ஆகி, வர வேண்டிய 5.56-ஐ நெருங்குகிறது. பற்றாக்குறை அப்படியே இருக்க, மொத்தம் பெருத்ததால் அது கண்ணுக்குத் தெரியாமல் போகிறது, அவ்வளவே.

இந்த நம்பிக்கை தொகையை ஏற்றச் சொல்வதால்தான் குடும்பம் அழிகிறது. 100 குலுக்கல் வராத பிறகு ஒருவர் ஒரு யூரோவில் தொடங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். வென்றால் 11 மடங்கு. விட்டதை எல்லாம் மீட்டு, மேலே 10 யூரோ லாபமும் வேண்டுமென்றால் ஒவ்வொரு முறையும் பத்து சதவீதம் கூட்டிக் கட்டினால் போதும். கேட்க எளிதாக இருக்கிறது. பத்தாவது முறை இரண்டரை யூரோகூட ஆகாது. ஐம்பதாவது முறை சுமார் 107. எண்பத்திரண்டாவது முறை 2,250 யூரோ, அதுவரை கட்டிய மொத்தம் ஏறக்குறைய 24,800. இவ்வளவும் அந்தப் பத்து யூரோ லாபத்துக்காக! நூறு பேர் இப்படி ஆடினால் பெரும்பாலோர் பத்து யூரோவோடு திரும்பி, முறை பலிக்கிறது என்று ஊரெல்லாம் சொல்வார்கள். கையில் 5,000 மட்டும் இருந்த ஒருவர் 65 முறை தோற்ற இடத்தில் நின்றுபோவார், அவர் பேச மாட்டார்.

இன்னொன்று: 18-ல் 1 வாய்ப்புக்கு நியாயமான பரிசு 18 மடங்கு, கொடுப்பதோ 11. எந்த எண்ணில் கட்டினாலும் நூறு யூரோவுக்குச் சராசரியாக 61 திரும்பும். எண்ணை மாற்றியோ தொகையை ஏற்றியோ இதைத் திருத்த வழி இல்லை.

தமிழ்நாட்டில் லாட்டரி விற்பனைக்கு 2003-லிருந்து தடை. இருந்தும் கேரள லாட்டரி முடிவின் கடைசி மூன்று இலக்கத்தை வைத்துத் திருட்டுத்தனமாக 'மூணு நம்பர்' ஓடுகிறது. அதில் வாய்ப்பு 1,000-ல் 1. ஒரே எண்ணை 1,000 நாள் கட்டினாலும் ஒருமுறைகூட அடிக்காமல் போக 100-க்கு 37 வாய்ப்பு இருக்கிறது. மறுநாள் மீண்டும் 1,000-ல் 1-தான்.

வாயால் விளக்குவதைவிட, நோட்டில் எண் குறித்து வைப்பவரை அந்த நோட்டை வைத்தே சோதிக்கச் சொல்வது பலிக்கும். ஒரு வருட முதல் பரிசு முடிவுகளின் கடைசி இலக்கத்தை மட்டும் வரிசையாக எழுதச் சொல்லுங்கள். ஏதாவது ஒரு இலக்கம் தொடர்ந்து 20 முறை வராமல் இருந்த இடங்களையெல்லாம் குறிக்கச் சொல்லுங்கள். வராமல் இருப்பது 21, 22 முறை என்று நீண்டால் அந்த ஒவ்வொரு நாளையும் தனி இடமாகச் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஏறக்குறைய 400 இடங்கள் தேறும். அந்த ஒவ்வொரு இடத்திலும் மறுநாள் அந்த இலக்கம் வந்ததா என்று எண்ண வேண்டும். 40-ஐ ஒட்டி வரும், சில வருடம் 30, சில வருடம் 50. பத்தில் ஒன்று என்ற சாதாரண வாய்ப்பைத் தாண்டி எதுவும் கிடைக்காது. ஒரு நிபந்தனை: பிடித்த இடங்களை மட்டும் எண்ணக் கூடாது, குறித்தவை எல்லாவற்றையும் எண்ண வேண்டும்.

இந்தச் சோதனை ஆரம்ப நிலையில் இருப்பவருக்கு உதவும். தோற்ற அன்றே தொகையை ஏற்றுகிறார், எவ்வளவு போனது என்பதை மறைக்கிறார், "இப்ப விட்டா போட்டதெல்லாம் வீண்" என்கிறார் என்றால் அவரிடம் கணக்கு பேசிப் பயனில்லை. சம்பளக் கணக்கு, யூபிஐ, நகை ஆகியவற்றை அவர் சம்மதத்தோடு வேறொருவர் பொறுப்பில் வைப்பது முதல் வேலை. புதுக் கடன் வாங்கிப் பழைய கடனை அடைக்க வீட்டார் உதவக் கூடாது, கையில் வரும் அந்தப் பணமும் ஆட்டத்துக்கே போகும். மனம் விட்டுப் பேச அரசின் டெலி மானஸ் எண் 14416 இருக்கிறது. தமிழிலும் பேசலாம். உயிரை விடும் பேச்சு வந்தால் அன்றைக்கே அழையுங்கள், ஆளைத் தனியாக விடாதீர்கள்.