மதகுக்கு மேலே எவ்வளவு ஆழம்? பைசெக்‌ஷனும் நியூட்டனும்

தஞ்சாவூரில் பொறியியல் படிக்கும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "அசைன்மென்ட்டில் பைசெக்‌ஷன், நியூட்டன் இரண்டிலும் விடை வந்துவிட்டது. பிழை மதிப்பீடு எழுதச் சொல்கிறார்களே, எதை எழுதுவது?"

டெல்டாவின் வாய்க்கால் மதகு ஒன்றையே கணக்காக எடுத்துக்கொள்வோம். ஒரு மீட்டர் அகலத்துக்கு நொடிக்கு 2 கன மீட்டர் நீர் போகிறது. அதன் ஆற்றல் உயரம் 1.5 மீட்டர். ஷட்டரில் ஆற்றல் இழப்பு இல்லையென்று கொண்டால் ஆழம் y இந்தச் சமன்பாட்டுக்கு அடங்கும்:

f(y) = y³ − 1.5y² + 0.204 = 0

மதகுக்கு மேலே தேங்கிய ஆழம் ஒரு தீர்வு, கீழே சீறும் நீரின் ஆழம் இன்னொன்று. நமக்கு வேண்டியது முதலாவது. அது 1-க்கும் 1.5-க்கும் நடுவே இருக்கிறது, ஏனெனில் f அங்கே −0.296-இலிருந்து +0.204-க்கு மாறுகிறது.

பைசெக்‌ஷனில் பிழைக்கு உத்தரவாதம் உண்டு. இடைவெளியை ஒவ்வொரு முறையும் பாதியாக்கி, f குறி மாறும் பாதியை மட்டும் வைத்துக்கொள்கிறோம்; அதனால் n-ஆவது நடுப்புள்ளியின் பிழை 0.5/2ⁿ-ஐத் தாண்டாது. 0.0001 மீட்டர் துல்லியத்துக்கு 13 முறை பாதியாக்க வேண்டும். கணக்குப் போடும் முன்பே இதை எழுதிவிடலாம்.

f-ஐ அதன் வகைக்கெழு f'-ஆல் வகுத்து y-இலிருந்து கழித்து அடுத்த y-ஐப் பெறும் நியூட்டனை 1.5-இல் தொடங்கினால் 1.40933, 1.39551, 1.39520 என்று மூன்றே படிதான். பிழைகளைப் பாருங்கள்: 0.105, 0.014, 0.0003, 0.00000016. ஒவ்வொரு பிழையும் முந்தையதன் வர்க்கத்தை ஒரு மாறிலியால் பெருக்கியதற்குச் சமீபம். அந்த மாறிலி f''/(2f'). இங்கே சுமார் 1.62. கடைசியாக நகர்ந்த தூரம் 0.000313. அதை வர்க்கப்படுத்தி 1.62-ஆல் பெருக்கினால் 0.00000016, அதாவது மிஞ்சிய பிழை! உண்மை விடை தெரியாமலே தன் பிழையை இந்த முறை சொல்லிவிடுவது எனக்கு என்றும் அலுக்காத அழகு.

ஆனால் தீர்வுக்கு அருகில் வந்தபின்தான் இது செல்லும். இங்கே f' = 3y(y − 1); y = 1-இல் அது பூஜ்யம், வகுக்கவே முடியாது. 0.99-இல் தொடங்கினால் அடுத்த படி −8.97-க்குத் தாவும். அங்கிருந்து ஒழுங்காகக் குவிந்து −0.334-இல் நிற்கும். கடைசி நகர்வும் மிகச் சிறியதாகவே இருக்கும். நகர்வு சிறியது என்பதால் சரியான தீர்வு என்றாகாது. எதிர்மறை ஆழம் எந்த வாய்க்காலிலும் கிடையாது. அதனால் முதலில் இரண்டு மூன்று முறை பைசெக்‌ஷன் செய்து இடைவெளியைக் குறுக்கிவிட்டு நியூட்டனுக்கு மாறுங்கள். அப்படி மாறிய காரணத்தை எழுதும் மாணவருக்கு, பத்து தசம இடம் எழுதுபவரைவிடக் கூடுதல் மதிப்பெண் தரவேண்டும் என்பது என் கருத்து.

இன்னொன்றையும் அசைன்மென்ட்டில் சேருங்கள். 0.204 என்பது ஓட்டம் 2-இன் வர்க்கத்தை ஈர்ப்பு முடுக்கம் 9.81-இன் இரு மடங்கால் வகுத்த 4/19.62, அதாவது 0.20387-ஐ முழுமையாக்கிய எண். அந்த 0.00013 வித்தியாசத்தை f'-இன் மதிப்பான 1.65-ஆல் வகுத்தால் ஆழத்தில் 0.00008 மீட்டர் பிழை வருகிறது. நியூட்டன் மூன்றாம் படியில் விட்ட பிழையைப்போல் இது சுமார் 500 மடங்கு; நான்காம் படி போட்டாலும் குறையாது.