ஒரே எண், இரண்டு வீடுகள்: 192.168.1.5 ஏன் குழம்புவதில்லை?

“என் மடிக்கணினியின் ஐபி முகவரி 192.168.1.5. அக்கா வீட்டு டிவியிலும் அதே எண்தான் இருக்கிறது. எனக்கு வர வேண்டியது அங்கே போய்விடாதா?” என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். போகாது.

நாம் பரவலாகப் பயன்படுத்தும் ஐபி முகவரி 32 பிட் நீளம் கொண்டது. மொத்தம் சுமார் 429 கோடி எண்கள்தான் அதில் அடங்கும். உலகிலுள்ள எல்லாக் கருவிகளுக்கும் அவை போதா. அதனால் மூன்று தொகுதிகளை, யார் வேண்டுமானாலும் யாரிடமும் கேட்காமல் தங்கள் கட்டடத்துக்குள் பயன்படுத்திக்கொள்ளலாம் என்று ஒதுக்கிவிட்டார்கள். 1996-இல் வெளிவந்த RFC 1918 என்னும் ஆவணம் அவற்றை வரையறுக்கிறது: 10 என்று தொடங்குபவை, 172.16 முதல் 172.31 வரை தொடங்குபவை, 192.168 என்று தொடங்குபவை. இவை தனி முகவரிகள். இணையத்தின் பொது ரவுட்டர்களிடம் இவற்றுக்கு வழியே கிடையாது. ஒவ்வொரு வீட்டிலும் ‘பெரியவன்’ என்று ஒருவன் இருப்பதைப் போலத்தான் இது. வீட்டுக்குள் அந்தப் பெயர் போதும், வெளியே செல்லாது.

வெளியே செல்லாத எண்ணை வைத்துக்கொண்டு மடிக்கணினி எப்படி இணையத்தில் உலவுகிறது? இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த வேலை நடக்கிறது. உங்கள் ரவுட்டருக்கு வெளிப்பக்கம் ஒரு பொது முகவரி உண்டு. அது 203.0.113.7 என்று வைத்துக்கொள்வோம். மடிக்கணினி ஓர் இணையதளத்தைக் கேட்கும்போது, அனுப்பும் பாக்கெட் என்னும் தரவுத் துண்டில் தன் முகவரியோடு ஒரு போர்ட் எண்ணையும் எழுதுகிறது. ஒரே கருவியில் நடக்கும் பல உரையாடல்களைப் பிரித்தறிவதற்கான எண் அது. ரவுட்டர் அந்தப் பாக்கெட்டைப் பிடித்து, அனுப்புநர் முகவரியை அழித்துத் தன் பொது முகவரியை எழுதுகிறது. தேவைப்பட்டால் போர்ட் எண்ணையும் மாற்றுகிறது. மாற்றியதைத் தன் அட்டவணையில் குறித்துக்கொள்கிறது:

```
192.168.1.5:51000  ->  203.0.113.7:40001
192.168.1.8:51000  ->  203.0.113.7:40002
```

இரண்டாம் வரி அதே வீட்டிலுள்ள கைபேசியுடையது. இரண்டு கருவிகளும் தற்செயலாக 51000 என்ற ஒரே போர்ட்டைத் தேர்ந்திருந்தாலும், வெளியே 40001, 40002 என்று பிரிந்துவிடுகின்றன. இணையதளத்தின் பதில் 40001-க்கு வந்ததும், ரவுட்டர் அட்டவணையைப் பார்த்து, பெறுநர் இடத்தில் 192.168.1.5:51000 என்று திரும்ப எழுதி உள்ளே அனுப்புகிறது. மடிக்கணினிக்கு இந்த மாற்றம் எதுவும் தெரியாது. இணையதளமும் 192.168.1.5 என்ற எண்ணை அறிவதில்லை. அக்கா வீட்டு ரவுட்டருக்கு வேறு பொது முகவரி, வேறு அட்டவணை. ஆகவே இரண்டு 192.168.1.5-களும் ஒருநாளும் சந்திப்பதில்லை.

பொது முகவரிகள் தீர்ந்துபோனதால், இணைய இணைப்பு தரும் சில நிறுவனங்கள் இதே வேலையைத் தங்கள் பக்கமும் செய்து, ஒரே பொது முகவரியைப் பல வீடுகளுக்குப் பகிர்கின்றன. அப்போது இரண்டு வீடுகளைப் பிரித்துக் காட்டுவதும் போர்ட் எண்தான். உங்கள் ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் WAN எனப்படும் வெளிப்பக்க முகவரியைப் பாருங்கள். அது 100.64 முதல் 100.127 வரை தொடங்கினால், நீங்கள் இப்படிப் பகிரும் வீடு என்றே பெரும்பாலும் கொள்ளலாம். உலாவுவதற்குத் தடையில்லை. ஆனால் கண்காணிப்புக் கேமராவை வெளியிலிருந்து நேரடியாகத் திறக்க ரவுட்டரில் போர்ட் திறந்து வைத்தாலும் பயன் இராது. முதலில் வரும் அழைப்புக்கு நிறுவனத்தின் அட்டவணையில் வரியே இருக்காது. இணைப்பு கொடுக்கும்போதே இதை வாடிக்கையாளரிடம் சொல்ல வேண்டியது நிறுவனத்தின் கடமை என்பது என் உறுதியான கருத்து.

ஒரே எண் உண்மையிலேயே மோதும் இடமும் ஒன்று உண்டு. அது விபிஎன். அதன் வழியாக வீட்டிலிருந்து அலுவலக வலைப்பின்னலில் இணைகிறீர்கள். இரண்டு இடங்களிலும் 192.168.1 தொகுதியே இருக்கிறது. அலுவலகக் கோப்புக் கணினி 192.168.1.20. எதை அனுப்பும்போதும் மடிக்கணினி, பெறுநர் தன் தொகுதியில் இருக்கிறாரா என்றுதான் முதலில் பார்க்கும். இருக்கிறார் என்று தெரிந்தால் பெரும்பாலும் விபிஎன் பக்கம் திரும்பாமல் வீட்டுக்குள்ளேயே தேடும். கிடைக்காமல் நின்றுவிடும், அல்லது அந்த எண் கொண்ட வேறு கருவியிடம் போய் நிற்கும்.

விபிஎன் இணைந்துவிட்டதாகக் காட்டியும் கோப்புக் கணினி மட்டும் எட்டவில்லை, கைபேசி ஹாட்ஸ்பாட்டில் இணைத்தால் எட்டுகிறது என்றால் இந்த மோதலைச் சந்தேகிக்கலாம். வீட்டு ரவுட்டரின் LAN எனப்படும் உள்பக்க அமைப்பில் தொகுதியை 192.168.57 போன்று அதிகம் புழங்காத ஒன்றாக மாற்றி, கருவிகளை மறுபடி இணையுங்கள். கையால் எண் கொடுத்து வைத்த பிரிண்டர் ஏதேனும் இருந்தால் அதற்கும் புதிய எண்ணைக் கொடுத்துவிடுங்கள்.